நார்மலைஸ்டு கெயின் கணக்கு உதைக்கும்போது எங்கே பார்ப்பது

பாடம் தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்தபின் அதே தேர்வு. இரண்டின் சராசரியையும் கழித்தால் வகுப்பு எவ்வளவு கற்றது என்று தெரிந்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 30 சதவீதத்தில் தொடங்கிய வகுப்புக்கு ஏற இன்னும் 70 இருக்கிறது; 60-ல் தொடங்கியதற்கு 40 மட்டுமே. அதனால் வெறும் கழித்தலை விட்டுவிட்டு, ஏற வாய்ப்பிருந்த தூரத்தில் எத்தனை பங்கு ஏறினார்கள் என்று பார்ப்பதுதான் நார்மலைஸ்டு கெயின். இயற்பியல் ஆசிரியர்கள் இதைச் சுருக்கமாக g என்பார்கள்.

```
g = (post - pre) / (max - pre)
```

இதைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹேக். 1998-ல் வெளியான கட்டுரையில் 62 இயற்பியல் வகுப்புகளின், 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்து, வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி g 0.23 என்றும், மாணவர்கள் பேசி, விவாதித்து, செய்து பார்த்துக் கற்ற வகுப்புகளின் சராசரி 0.48 என்றும் காட்டினார். 0.3-க்குக் கீழே குறைவு, 0.7-க்கு மேலே உயர்வு, நடுவில் இருப்பது நடுத்தரம் என்ற பிரிவும் அவருடையதே. அவர் அதிகம் நம்பியிருந்த தேர்வு, விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி. 1992-ல் டேவிட் ஹெஸ்டினஸ் குழுவினர் உருவாக்கியது. 1995-ல் திருத்திய வடிவில் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5 விடைகள். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த 30 மதிப்பெண் தேர்வை வைத்தே.

எண்கள் மட்டும் கணக்கு புரிவதற்காக நான் அமைத்துக்கொண்டவை. சின்ன வகுப்பு, 12 பேர். கடைசி மூவர் இடையில் நின்றுவிட்டார்கள், பின்தேர்வு எழுதவில்லை.

| வரிசை எண் | முன்தேர்வு | பின்தேர்வு |
|---|---|---|
| 1 | 6 | 15 |
| 2 | 8 | 14 |
| 3 | 5 | 12 |
| 4 | 10 | 20 |
| 5 | 7 | 9 |
| 6 | 9 | 18 |
| 7 | 12 | 21 |
| 8 | 27 | 24 |
| 9 | 11 | 19 |
| 10 | 5 | |
| 11 | 4 | |
| 12 | 3 | |

இதை விரிதாளில் இடும்போது வரிசை எண் A பத்தியிலும் முன்தேர்வு B-யிலும் பின்தேர்வு C-யிலும் இருக்கட்டும். முதல் வரி தலைப்பு, மாணவர்கள் 2-வது வரியிலிருந்து. இந்த ஒரே அட்டவணையிலிருந்து 0.07 முதல் 0.38 வரை என்ன விடை வேண்டுமானாலும் எடுக்க முடியும். எந்த விடை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

விடை அபத்தமாக இருக்கிறது: 0.07, அல்லது -4

நன்றாகப் போன வகுப்புக்கு 0.07 வந்தால் முதலில் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மதிப்பெண் 30-க்கு, சூத்திரத்தில் யாரோ 100 என்று போட்டிருப்பார்கள். மேலேயுள்ள வகுப்பில் சராசரி 10.56-லிருந்து 16.89-க்கு ஏறியிருக்கிறது. 6.33-ஐ 89.44-ஆல் வகுத்தால் 0.07தான் வரும். எதிர்ப்பக்கமாக, சதவீதத்தில் இட்ட மதிப்பெண்ணுக்கு 30 என்று போட்டால் கீழ்ப்பகுதியே எதிர்ம எண்ணாகி, -4 போன்ற விடைகள் வரும். மதிப்பெண்ணும் உச்ச மதிப்பெண்ணும் ஒரே அளவில் இருந்தால் g ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. தாண்டியிருந்தால் அளவு குழம்பியிருக்கிறது, அல்லது 34 போன்ற தட்டச்சுப் பிழை ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

முன்தேர்வுச் சராசரி 6-க்கும் கீழே போனால் மட்டும் பதற வேண்டாம். ஐந்து விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலே 30-க்கு 6 வர வேண்டுமே என்று தோன்றும். ஆனால் இந்தத் தேர்வின் தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் கருத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. நம்பிக்கையோடு தவறைத் தேர்ந்தெடுப்பவர் குருட்டுக் கணக்கைவிடக் குறைவாகவே வாங்குவார்.

வராதவர்கள் கணக்கை இழுக்கிறார்கள்

இது சத்தமில்லாமல் நடக்கும். விரிதாள் எந்தப் பிழையும் காட்டாது. விடை மட்டும் மாறும். அதுவும் மூன்று திசைகளில்.

10-ஆம் மாணவரின் பின்தேர்வுக் கட்டம் காலி. ஆனால் `=(C11-B11)/(30-B11)` என்ற சூத்திரம் காலியைச் சுழியம் என்றே எடுத்துக்கொள்ளும். பாடத்தை விட்டுப் போனவருக்கு -0.20 என்று விழும். மற்ற இருவருக்கும் இப்படியே. இந்த மூன்றையும் சேர்த்துத் தனிநபர் g-க்களின் சராசரி எடுத்தால் 0.12.

வராதவருக்கு 0 என்றே தட்டியிருந்தால், வகுப்புச் சராசரிகளை வைத்துக் கணக்கிட்டாலும் தப்ப முடியாது. பின்தேர்வுச் சராசரி 12.67-க்குச் சரிந்து g 0.18 ஆகும்.

மூன்றாவது திசைதான் ஏமாற்றும், ஏனென்றால் அது நமக்குச் சாதகமானது. கட்டம் காலியாகவே இருக்க, AVERAGE போட்டால் அது காலிகளைத் தாண்டிப் போகும். முன்தேர்வுச் சராசரி 12 பேருடையது, 8.92, பின்தேர்வுச் சராசரி 9 பேருடையது, 16.89. விடை 0.38. மிகக் குறைந்த மதிப்பெண்ணோடு வந்த மூவர் போய்விட்டதால் வகுப்பு முன்னேறியதாகத் தெரிகிறது. பொதுவாக இடையில் நிற்பவர்கள் பலவீனமாகத் தொடங்கியவர்களாகவே இருப்பதால் இந்தப் பிழை பெரும்பாலும் மேல்நோக்கியே தள்ளும்.

இரண்டு தேர்வும் எழுதியவர்களை மட்டும் எடுப்பதே வழி. D பத்தியில் இதைப் போட்டு இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNT(B2:C2)<2,"",IF(B2=30,"",(C2-B2)/(30-B2)))
```

காலி இருந்தால் D-யும் காலி. வராதவருக்கு AB என்று எழுதியிருந்தாலும் COUNT அதை எண்ணாது. 0 என்று தட்டியிருந்தால் மட்டும் இது பிடிக்காது. அதை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையால்தான் அழிக்க வேண்டும். எத்தனை பேர் விடுபட்டார்கள், அவர்களின் முன்தேர்வுச் சராசரி என்ன என்பதையும் குறித்துவையுங்கள். இங்கே மூவர், சராசரி 4. மீதமிருக்கும் ஒன்பது பேரைப் பற்றி மட்டும்தான் இனி நாம் பேச முடியும். நின்றுவிட்டவர்களைப் பற்றி g எதுவும் சொல்லாது.

இரண்டு பேர் கணக்கிட்டால் இரண்டு விடை: 0.33, 0.21

ஒன்பது பேர், அதே மதிப்பெண்கள், கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவருக்கு நடுத்தரம், இன்னொருவருக்குக் குறைவு. அடிக்கடி வரும் குழப்பம் இதுதான்.

முதலாமவர் வகுப்புச் சராசரிகளை எடுத்து ஒரே ஒரு g போட்டிருக்கிறார்:

```
=(SUM(C2:C10)-SUM(B2:B10))/(30*9-SUM(B2:B10))
```

முன்தேர்வுக் கூட்டுத்தொகை 95, பின்தேர்வு 152. ஏறியது 57, ஏற இருந்தது 270-ல் 95 போக 175. விடை 0.33. இரண்டாமவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே g கண்டுபிடித்து, ஒன்பதையும் கூட்டி 9-ஆல் வகுத்திருக்கிறார். அது 0.21.

D பத்தியைக் கண்ணால் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். 0.38, 0.27, 0.28, 0.50, 0.09, 0.43, 0.50, அப்புறம் திடீரென்று -1.00, பிறகு 0.42. அந்த -1.00 எட்டாம் மாணவருடையது. 27 வாங்கியவர், பின்தேர்வில் 24. மூன்று கேள்வி சறுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு ஏற இருந்த இடமும் மூன்றே. மூன்றை மூன்றால் வகுத்தால் ஒன்று. ஐந்தாம் மாணவர் 7-லிருந்து 9-க்கு ஏறியதற்கு 0.09தான் கிடைத்தது; இவர் மூன்று கேள்வி இறங்கியதற்கு அதைப்போல் பதினோரு மடங்கு தண்டனை. அவரை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்: ஒரு முறையில் 0.35, மற்றதில் 0.36. இரண்டு முறைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. வேறுபாடு முழுக்க ஒரே ஆளிடமிருந்து வந்தது.

கணக்காகச் சொன்னால், வகுப்புச் சராசரிகளிலிருந்து எடுக்கும் g-யும் தனிநபர் g-க்களின் சராசரிதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற இருந்த தூரத்தின் அளவு எடை கொடுத்த சராசரி. மூன்றாம் மாணவரின் எடை 25, எட்டாம் மாணவரின் எடை 3. அதனால் அவருடைய -1.00, 175-ல் 3 பங்காகத்தான் சேர்கிறது. தனித்தனி முறையிலோ எல்லாருக்கும் ஒன்பதில் ஒரு பங்கு.

எதை எடுப்பது? ஹேக்கின் 0.23, 0.48 ஆகியவற்றோடும் 0.3, 0.7 எல்லைகளோடும் ஒப்பிட வேண்டுமானால் வகுப்புச் சராசரி முறையைத்தான் எடுக்க வேண்டும். அவர் வகுப்புகளுக்கு g கண்டது அப்படித்தான். வகுப்பு பெரிதாக இருந்து யாரும் உச்சத்தை ஒட்டி இல்லையென்றால் இரண்டும் அருகருகே வரும். வெகுதூரம் விலகினால் எந்த விடை சரி என்று வாதாடுவதற்கு முன், முன்தேர்வில் 25-க்கு மேல் வாங்கியவர்கள் யார் என்று வடிகட்டிப் பாருங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும்.

#DIV/0! வருகிறது, அல்லது ஒருவருக்கு -2, -3

முன்தேர்விலேயே 30 வாங்கியவருக்கு ஏற இடமில்லை. சுழியத்தால் வகுக்கச் சொல்கிறோம். 29 வாங்கி 26-க்கு இறங்கியவருக்கு g -3. மேலே பார்த்த நோயின் முற்றிய நிலைதான் இது. g மேற்பக்கம் 1-ல் நின்றுவிடும், கீழ்ப்பக்கம் அப்படி எல்லை இல்லை.

தனிநபர் மதிப்புகள் வேண்டுமென்றால், எடுத்துக்காட்டாக யார் அதிகம் கற்றார்கள், எந்தக் குழு பின்தங்கியது என்று பார்க்க வேண்டுமென்றால், 2007-ல் மார்க்ஸ், கமிங்ஸ் இருவரும் முன்வைத்த மாற்று வழி உதவும். ஏறியவர்களுக்குப் பழைய சூத்திரமே. இறங்கியவர்களுக்கு மட்டும் இறங்கியதை, இறங்க இருந்த தூரத்தால், அதாவது முன்தேர்வு மதிப்பெண்ணால் வகுக்க வேண்டும். இரண்டிலும் 30, அல்லது இரண்டிலும் 0 வாங்கியவர்களை விட்டுவிட வேண்டும். இதை c என்பார்கள். -1-க்கும் 1-க்கும் நடுவிலேயே நிற்கும்.

```
=IF(COUNT(B2:C2)<2,"",IF(AND(B2=C2,OR(B2=0,B2=30)),"",IF(C2>=B2,(C2-B2)/(30-B2),(C2-B2)/B2)))
```

எட்டாம் மாணவருக்கு இப்போது 27-ல் 3, அதாவது -0.11. ஒன்பது பேரின் சராசரி 0.31. அறிக்கையில் இதை g என்று எழுதிவிடாதீர்கள். c என்றே எழுதுங்கள். இறங்கியவர்களை ஓசைப்படாமல் அட்டவணையிலிருந்து தூக்கிவிடுவதும் சிலரிடம் காணும் பழக்கம். அது ஏறியவர்களை மட்டும் எண்ணுவதாகிவிடும்.

0.31: குறைவா, நடுத்தரமா?

ஒன்பது பேரை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. c மதிப்புகளின் திட்டவிலக்கம் ஏறக்குறைய 0.20. அதை 9-ன் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் திட்டப்பிழை 0.07. ஆக 0.31 என்பது 0.24-லிருந்து 0.38 வரை எங்கும் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் தாராளமாகவும் விடலாம். 0.3 என்ற கோடு அதன் நடுவே போகிறது. அந்தக் கோடும் ஹேக் தம் 62 வகுப்புகளை வகுப்புச் சராசரி g-யால் பிரித்துக்காட்ட வரைந்ததுதான், c-க்காக அல்ல; இயற்கை விதியும் இல்லை. சின்ன வகுப்பாக இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது, கேள்வித்தாளும் பாடமும் மாறாமல் இருந்தால்.

நம்ப முடியாத அளவுக்கு உயர்வு, அல்லது காரணமில்லாமல் தாழ்வு

கணக்கு சரியாக இருந்தும் எண் உறுத்தினால், மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் கேள்விவாரியாகப் பாருங்கள். இந்தத் தேர்வில் நியூட்டனின் மூன்றாம் விதியை மட்டும் நான்கு கேள்விகள் சோதிக்கின்றன: 4, 15, 16, 28. பாடம் உள்ளே இறங்கியிருந்தால் நான்கும் கூடக்குறைய ஏறும். 4-ஆம் கேள்விக்கு மட்டும் எல்லாரும் சரியாக எழுதி, 28 அசையாமல் நின்றால், அந்த மோதல் கணக்கை யாரோ வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கலாம் என்று விசாரிக்க வேண்டும். 15 பின்தங்குவதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதில் ஒரு வண்டி இன்னொன்றைத் தள்ள, வேகம் கூடிக்கொண்டே போகிறது. தள்ளுகிற வண்டியின் விசைதான் பெரிது என்று நன்றாகப் படித்தவர்களும் அங்கே வழுக்குவார்கள். கேள்வித்தாளை முன்தேர்வுக்குப் பின் திரும்ப வாங்குவதும், விடைகளை விவாதிக்காமல் விடுவதும் இதற்காகத்தான்.

தாழ்வுக்குப் பெரும்பாலும் காரணம் பின்தேர்வு நடந்த நாள். கடைசி வகுப்பு, மதிப்பெண் கணக்கில் சேராது, வெளியே நண்பர்கள் காத்திருக்கிறார்கள். அரைமணித் தேர்வை ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டுப் போனவர், விடைத்தாளில் வரிசையாக C, C, C என்று நிழலிட்டவர் ஆகியோரைக் கண்டுபிடிப்பது எளிது. இவர்களை நீக்குவதென்றால் நீக்கும் விதியை விடைகளைத் திருத்துவதற்கு முன்பே எழுதிவைத்து, முன்தேர்வுக்கும் அதையே பயன்படுத்துங்கள். மதிப்பெண்ணைப் பார்த்தபின் விதி செய்தால், குறைவாக வாங்கியவர்கள் எல்லாரும் அக்கறையற்றவர்களாகத்தான் தெரிவார்கள்.

இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே g. ஆனால் மனம் ஒப்பவில்லை

ஒரு பிரிவு 30 சதவீதத்திலிருந்து 51-க்கு, இன்னொன்று 60-லிருந்து 72-க்கு. 70-ல் 21, 40-ல் 12. இரண்டும் 0.30. முன்தேர்வு வேறாக இருந்தாலும் ஒப்பிடலாம் என்பதுதானே g-யின் வாக்குறுதி. ஹேக்கின் 62 வகுப்புகளில் முன்தேர்வுக்கும் g-க்கும் தொடர்பே இல்லாத மாதிரிதான் இருந்தது. ஆனால் 2005-ல் கொலெட்டா, பிலிப்ஸ் இருவரும் தாங்கள் ஆராய்ந்த தரவில், முன்தேர்வில் அதிகம் வாங்கியவர்களுக்கு g-யும் அதிகமாக வருவதைக் காட்டினார்கள். 2018-ல் நிசன் குழுவினரும் g உயர்ந்த முன்தேர்வு உள்ளவர்கள் பக்கம் சாய்கிறது என்று சொல்லி, அதற்குப் பதில் கோஹன் d-யைப் பரிந்துரைத்தார்கள்.

கோஹன் d என்பது சராசரிகளின் வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுப்பது. இரண்டு பிரிவிலும் திட்டவிலக்கம் 15 என்று வைத்துக்கொண்டால் முதல் பிரிவுக்கு 1.4, இரண்டாவதற்கு 0.8. g சமம் என்ற இடத்தில் d முதல் பிரிவைத் தூக்கிப் பிடிக்கிறது. d-க்கும் தனிக் குறை உண்டு: எல்லாரும் ஒரே மட்டத்தில் இருக்கும் வகுப்பில் திட்டவிலக்கம் சுருங்கி, சிறு முன்னேற்றமும் பெரிதாகத் தெரியும். முன்தேர்வு 10 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகிய பிரிவுகளை ஒற்றை எண்ணால் வரிசைப்படுத்த நான் துணியமாட்டேன். அடிப்படை எண்களைக் கொடுத்துவிட்டால் படிப்பவர் தமக்கு வேண்டிய அளவீட்டைத் தாமே கணக்கிட்டுக்கொள்வார். நம் வகுப்புக்கு அறிக்கையில் போகவேண்டிய வரி இவ்வளவுதான்:

*இரு தேர்வும் எழுதியவர்கள் 9, விடுபட்டவர்கள் 3 (முன்தேர்வுச் சராசரி 4.0). 30-க்கு முன்தேர்வுச் சராசரி 10.6, திட்டவிலக்கம் 6.6, பின்தேர்வுச் சராசரி 16.9, திட்டவிலக்கம் 4.8. வகுப்புச் சராசரிகளிலிருந்து g 0.33; தனிநபர் c-யின் சராசரி 0.31, திட்டப்பிழை 0.07.*